பழுப்பு நாய், பழுப்பு சோபா: எல்லைக் கோடு எங்கே?

கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையோரம் இருக்கும் பந்தி காட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பறவை பார்ப்பவர்களிடையே பெயர்பெற்ற காடு அது. உங்கள் பள்ளி இயற்கைக் கழகம் அந்த வட்டாரப் பறவைகளைப் பற்றி ஒரு சுவரொட்டி தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். மீன்கொத்தியின் படத்தில் பின்னணியை நீக்குவது எளிது. நீலச் சிறகு ஒரு பக்கம், பச்சை இலை மறுபக்கம். கைப்பேசியில் ஒருமுறை தொட்டாலே பறவை தனியே வந்துவிடும்.

அடுத்து வருவது பக்கி. மலாய்க்காரர்கள் பூரோங் துக்காங் என்று சொல்லும் பறவை. இரவில் ஆணி அடிப்பதைப் போல டொக், டொக் என்று ஒலி எழுப்பும். பகலில் காய்ந்த சருகுகளின் மேல் அசையாமல் அமர்ந்திருக்கும். உடம்பெல்லாம் பழுப்பு, சாம்பல், கறுப்புத் திட்டுகள். சருகிலும் அதே பழுப்பு, சாம்பல், கறுப்பு. இந்தப் படத்தில் பின்னணியை நீக்கச் சொன்னால் கருவி பாதி வாலை வெட்டிவிடும். இல்லையென்றால் ஒரு பிடிச் சருகையும் பறவையோடு சேர்த்துக்கொண்டு வரும்.

காட்டுக்குப் போகாமலும் இதே சிக்கலைப் பார்க்கலாம். வீட்டில் பழுப்பு நாய் ஒன்று பழுப்பு சோபாவில் படுத்திருக்கும்போது ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு நாய் தெளிவாகத் தெரியும். ஆனால் அதன் வயிறு எங்கே முடிகிறது, மெத்தை எங்கே தொடங்குகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால் நமக்கே தடுமாற்றம் வரும். ஏன் இப்படி? இதற்கு என்ன செய்யலாம்? சோபா நாயில் கணக்கைக் கற்றுக்கொண்டு, பிறகு பக்கியிடம் திரும்புவோம்.

ஒரு ரோமத்தின் கணக்கு

கைப்பேசிப் படம் என்பது பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும்.

நாயின் உடம்பின் நடுவில் இருக்கும் புள்ளி முழுவதும் நாய். சோபாவின் நடுவில் இருக்கும் புள்ளி முழுவதும் சோபா. சிக்கல் விளிம்பில்தான். ஒரு ரோமம் ஒரு படப்புள்ளியைவிட மெல்லியதாக இருக்கலாம். அப்போது அந்தப் புள்ளியின் நிறம் ரோமமும் அதன் பின்னால் இருக்கும் சோபாவும் கலந்த கலவையாக இருக்கும். இந்தக் கலவையை ஒரே வரியில் எழுதலாம்:

```
C = αF + (1 − α)B
```

C என்பது படத்தில் நாம் பார்க்கும் நிறம். F நாயின் நிறம், B சோபாவின் நிறம். α என்பது அந்தப் புள்ளியில் நாய்க்கு இருக்கும் பங்கு. α 1 என்றால் முழுவதும் நாய், 0 என்றால் முழுவதும் சோபா, 0.5 என்றால் பாதிக்குப் பாதி. பின்னணியை நீக்குவது என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த α-வைக் கண்டுபிடிப்பதுதான்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாய்க்கு 120, சோபாவுக்கு 130. விளிம்பில் ஒரு புள்ளி 125 என்று காட்டுகிறது. சரியாக நடுவில் இருக்கிறது. எனவே α 0.5. கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் எந்தக் கேமராவும் துல்லியமாக அளப்பதில்லை. ஒரே நிறச் சுவரைப் படம் எடுத்தாலும் புள்ளிக்குப் புள்ளி எண்கள் சற்று ஏறி இறங்கும். இதை இரைச்சல் என்பார்கள். வெளிச்சம் குறைந்த அறையில் இரைச்சல் கூடும். நம் படத்தில் அது 3 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 125 ஆக இருக்க வேண்டிய புள்ளி 128 என்றும் பதிவாகலாம், 122 என்றும் பதிவாகலாம். 128 என்றால் நாயின் பங்கு 0.2. 122 என்றால் 0.8. ஒரே ரோமம், ஆனால் ஒரு கணக்கில் அது ஏறத்தாழ இல்லை, இன்னொரு கணக்கில் ஏறத்தாழ முழுவதும் இருக்கிறது.

அதே நாயைப் பச்சைத் துணியின் முன் உட்கார வையுங்கள். இப்போது பச்சை எண்ணைப் பார்ப்போம். நாய்க்கு 85, துணிக்கு 205. பாதிக்குப் பாதி கலந்த புள்ளி 145. அதே 3 இரைச்சலால் அது 148 ஆனாலும் α 0.5-இலிருந்து 0.475-க்குத்தான் இறங்குகிறது. யாருக்கும் தெரியாத பிழை.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் இரண்டிலும் ஒன்றுதான். மாறியது, நாய்க்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு. அங்கே 10, இங்கே 120. α-வில் வரும் பிழை என்பது இரைச்சலை அந்த வேறுபாட்டால் வகுத்தால் கிடைப்பது. வேறுபாடு சுருங்கச் சுருங்கப் பிழை பெருகுகிறது. இரண்டு நிறங்களும் முழுக்க ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும்? சமன்பாட்டில் F-உம் B-யும் ஒன்று என்று போட்டுப் பாருங்கள். Α காணாமலே போய்விடும். எந்த α-வைப் போட்டாலும் அதே நிறம்தான் வரும். அந்தப் புள்ளியின் நிறத்தில் விடையே இல்லை என்று பொருள். விடை வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

ஒளிந்திருக்கும் வேறுபாட்டைத் தேடுதல்

நல்ல வேளையாக, முழுக்க ஒன்றான நிறங்கள் அரிது. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுப்புகள் ஏதாவது ஒரு வகையில் வேறுபட்டிருக்கும். எந்த வகையில் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, `Colors`, `Components`, `Decompose` என்று சென்று, நிற மாதிரியாக `LAB`-ஐத் தேர்ந்தெடுங்கள். படம் மூன்று சாம்பல் அடுக்குகளாகப் பிரியும். முதல் அடுக்கு வெளிச்சத்தை மட்டும் காட்டும். இரண்டாவது, நிறம் பச்சைப் பக்கம் சாய்கிறதா சிவப்புப் பக்கம் சாய்கிறதா என்று காட்டும். மூன்றாவது, நீலமா மஞ்சளா என்று காட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். சோபா சற்றுச் சிவந்த தோல் என்றால் இரண்டாம் அடுக்கில் நாய் பளிச்சென்று பிரிந்து நிற்கலாம். நாயும் சோபாவும் ஒரே பழுப்பு, சோபா மட்டும் சற்று வெளிச்சம் என்றால் முதல் அடுக்கில்தான் வேறுபாடு இருக்கும்.

வேறுபாடு தெரியும் அடுக்கை எடுத்து `Levels` கருவியால் இழுத்துப் பெரிதாக்கலாம். 10 இருந்த இடைவெளி 100 ஆகும். ஆனால் 3 இருந்த இரைச்சலும் 30 ஆகும். இழுப்பதால் மட்டும் புதிய தகவல் எதுவும் பிறப்பதில்லை. இதற்கு ஒரு வழி, இழுப்பதற்கு முன் படத்தைச் சற்று மங்கலாக்குவது. 4-க்கு 4, அதாவது 16 புள்ளிகளின் சராசரியை எடுத்தால் இரைச்சல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒரு புள்ளிக்கு மேலே ஏறும் எண்ணும் இன்னொரு புள்ளிக்குக் கீழே இறங்கும் எண்ணும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அப்போது 10 வேறுபாட்டுக்கு எதிரே இரைச்சல் 0.75 மட்டுமே. நாயின் முதுகுக் கோடு மங்கலாக, ஆனால் நம்பும்படியாகத் தெரியத் தொடங்கும்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் கவனியுங்கள். நான்கு புள்ளி அகலத்தைவிட மெல்லிய எதுவும் சராசரியில் கரைந்துவிடும். எனவே நாயின் உருவம் கிடைக்கும், ரோமம் கிடைக்காது. இரண்டையும் ஒரே படத்திலிருந்து பெற முடியாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் வேலை எளிதாகும்.

இன்னொன்று. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிப் பெற்றிருந்தால், மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜேபெக் முறையில் கோப்பைச் சுருக்கும்போது வெளிச்சம் ஓரளவு கூர்மையாகக் காக்கப்படும். நிறத் தகவலோ பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படும். மீன்கொத்திக்கு இது பொருட்டே இல்லை. நாமோ அந்தச் சிறிய நிற வேறுபாட்டை நம்பித்தான் இருக்கிறோம். அது போய்விட்டால் எந்த அடுக்கிலும் திரும்ப வராது.

கருவி ஏன் தடுமாறுகிறது?

2004-ஆம் ஆண்டு ரோதர், கோல்மோகோரோவ், பிளேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் கிராப்கட் என்ற முறையை வெளியிட்டார்கள். அது இப்படி வேலை செய்யும். நீங்கள் நாயைச் சுற்றி ஒரு கட்டம் வரைகிறீர்கள். கட்டத்துக்கு வெளியே இருக்கும் நிறங்களையெல்லாம் பின்னணி நிறங்கள் என்று கணினி பட்டியலிடும். உள்ளே இருக்கும் நிறங்களை நாயின் நிறங்கள் என்று பட்டியலிடும். பிறகு ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பட்டியலுக்கு நெருக்கம் என்று பார்க்கும். வெட்டுக் கோடு எங்கே போக வேண்டும் என்பதற்கும் ஒரு விதி உண்டு. நிறம் சட்டென்று மாறும் இடத்தில் வெட்டினால் செலவு குறைவு. நிறம் மாறாத இடத்தில் வெட்டினால் செலவு அதிகம். மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் கோட்டைக் கணினி தேர்ந்தெடுக்கும். பட்டியலைத் திருத்தி மீண்டும் வெட்டும்.

பழுப்பு நாய்க்கு இதில் இரண்டு பக்கமும் அடி. இரண்டு பட்டியலும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. வயிற்றோரம் நிறம் மாறாததால் அங்கே வெட்டுவதும் செலவாகிறது. ஆனால் சற்றுத் தள்ளி மெத்தையின் தையல் மடிப்பு கூர்மையாக இருக்கிறது. அங்கே வெட்டினால் செலவு குறைவு. எனவே கோடு வயிற்றை விட்டுவிட்டு மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. கருவி தவறு செய்யவில்லை. நாம் சொன்ன விதியைத்தான் பின்பற்றியது. முன்னணி, பின்னணி நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் உருமறைப்புப் படங்களில் தங்கள் முறை தடுமாறும் என்று அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்.

தூரத்தை அளக்கும் கைப்பேசிகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு கேமராக்கள் வழியே பார்த்து, எது அருகில், எது தொலைவில் என்று அவை கணிக்கும். நாயின் தலை சோபாவின் சாய்வுப் பலகையிலிருந்து ஒரு முழம் முன்னால் இருந்தால் இது நன்றாக உதவும். ஆனால் வயிறு மெத்தையைத் தொடும் இடத்தில் இரண்டுக்கும் தூரம் ஒன்றேதான். ஃப்ளாஷ் விளக்கும் அப்படியே. விளக்கிலிருந்து 1 மீட்டரில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டால் 3 மீட்டரில் இருக்கும் சுவருக்கு ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சமே போகும். அதனால் பொருள் பிரிந்து தெரியும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்களுக்கு இந்த வேறுபாடு கிடையாது. சருகின் மேல் வயிற்றை அழுத்தி அமர்ந்திருக்கும் பக்கிக்கும் இதே கதைதான்.

பக்கியைக் கையால் பிரிக்கும் முறை

இனிச் சுவரொட்டிக்கு வருவோம். இப்படிப்பட்ட படத்தில் வேலை தெரிந்தவர்கள் ஒரே மூச்சில் விளிம்பு வரைவதில்லை. முதலில் படத்தை மூன்று பகுதிகளாகப் பிரிப்பார்கள். உறுதியாகப் பறவை என்று தெரியும் இடத்துக்கு வெள்ளை. உறுதியாகச் சருகு என்று தெரியும் இடத்துக்குக் கறுப்பு. தெரியாத இடத்துக்குச் சாம்பல். இதை ட்ரைமேப் என்பார்கள். சாம்பல் பட்டை எவ்வளவு ஒல்லியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வெள்ளையை எங்கே தொடங்குவது? பக்கியின் கண்ணிலும் அலகிலும் தொடங்குங்கள். பிறகு தொண்டையில் இருக்கும் வெள்ளைத் திட்டு. பிறகு தோள்பட்டைச் சிறகுகள். அங்கே கறுப்பும் வெளிர் பழுப்பும் வரிசையாக ஓடும். சிறகுக் கோலத்துக்கு ஓர் ஒழுங்கும் திசையும் உண்டு; எல்லாக் கோடுகளும் வாலை நோக்கிச் சாயும். சருகின் நரம்புகளோ கண்டபடி கிடக்கும். அந்த ஒழுங்கு எங்கே உடைகிறதோ அங்கே பறவை முடிகிறது. நிறம் கொடுக்காத விடையை இழையமைப்பு கொடுக்கிறது.

அடுத்த துப்பு நிழல். பறவையின் உடம்புக்குக் கீழே மெல்லிய கருங்கோடு இருக்கும். அது பறவையின் பகுதி அல்ல. ஆனால் அதன் மேல் ஓரம் பறவையின் கீழ் விளிம்பைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு துண்டு மிஞ்சும். பெரும்பாலும் அது வால் நுனிக்கும் சருகுக்கும் இடையே இருக்கும். அங்கே எந்தத் துப்பும் இல்லை. அப்போது மற்றொரு படத்தில் இதே பறவை இனத்தின் வால் எப்படி முடிகிறது என்று பார்த்து, அந்த வடிவத்தில் கோட்டை வரையலாம். கைப்பேசியில் ஒரே தொடுதலில் பின்னணி நீக்கும் வசதியும் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது. மனிதர் கையால் பிரித்துக் கொடுத்த ஏராளமான படங்களிலிருந்து நாய் என்றால் இப்படி இருக்கும், வால் என்றால் இப்படி முடியும் என்று பழகிக்கொண்டு, தெரியாத இடத்தை அதைக் கொண்டு நிரப்புகிறது.

இங்கேதான் ஒரு பொறுப்பு வருகிறது. அலங்காரச் சுவரொட்டியில் ஊகித்து வரைந்த வாலால் கேடு இல்லை. ஆனால் அதே படத்தைக் கொண்டு வாலின் நீளத்தை அளந்து உங்கள் அறிவியல் அறிக்கையில் எழுதினால், நீங்கள் அளப்பது பறவையை அல்ல, உங்கள் ஊகத்தை. எனவே உறுதியான கோட்டை ஒரு நிறத்திலும் ஊகித்த கோட்டை வேறு நிறத்திலும் வரைந்து, அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்தி வையுங்கள். எந்த அளவை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிறகு பார்ப்பவருக்குத் தெரியும்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது எப்படி?

வெட்டிய உருவத்தை முதலில் கண்ணைக் கூசும் ஊதாச் சிவப்பின் மேல் வையுங்கள். விடுபட்ட சருகுத் துணுக்குகளும் கடித்தெடுத்ததுபோல் குறைந்த இடங்களும் உடனே தெரியும். பிறகு வெள்ளையின் மேல் ஒருமுறை, கறுப்பின் மேல் ஒருமுறை வையுங்கள். ஒவ்வொரு பின்னணியும் வெவ்வேறு பிழையைக் காட்டும்.

ஒரே நிறத்தில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. பச்சைத் துணியின் முன் எடுத்த நாயை வெட்டினால் ரோம நுனிகளில் பச்சைச் சாயல் ஒட்டிக்கொண்டு வரும். பழுப்பு சோபாவிலிருந்து வெட்டிய நாயின் விளிம்பில் ஒட்டியிருப்பதும் பழுப்புதான். அதைப் புதிய இடத்தில் மண் நிறப் பின்னணியில் வைத்தால் விளிம்புப் பிழை ஏறத்தாழ மறைந்துவிடும். வெள்ளைத் தாளில் வைத்தால் எல்லாம் வெளியே வரும். சுவரொட்டியின் நிறத்தை முடிவு செய்யும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.

நாய்க்கு ஒரு வழி, பக்கிக்கு ஒரு வழி

நாயின் படத்தில் இத்தனை மணி நேரம் மல்லுக்கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: படத்தை மீண்டும் எடுக்க முடியுமா? முடியும் என்றால் நாய்க்கு அடியில் ஒரு வெளிர் நீலப் படுக்கை விரிப்பை விரித்துவிடுங்கள். வேறுபாடு 10-இலிருந்து 100-க்கு மேல் போய்விடும். மேலே சொன்ன பாதி வேலை தேவைப்படாது. விரிப்பு இல்லையென்றால், நாய்க்குப் பின்பக்கமாகச் சன்னல் வெளிச்சம் வரும்படி நீங்கள் இடம் மாறி நில்லுங்கள். ரோம விளிம்பில் ஒளிக்கோடு விழும். நிறம் ஒன்றாக இருந்தாலும் வெளிச்சம் பிரித்துக் கொடுக்கும்.

காட்டில் இருக்கும் பக்கிக்கு இது பொருந்தாது. அது கூடு கட்டுவதில்லை. ஒன்றிரண்டு முட்டைகளை வெறும் தரையில், சருகின் மேலேயே இடும். உருமறைப்புதான் அதற்கும் முட்டைக்கும் உள்ள ஒரே வேலி. படம் பிரிந்து தெரிய வேண்டும் என்று சருகை விலக்கினாலோ அருகில் சென்று எழுப்பிவிட்டாலோ அந்த வேலியை நாம்தான் பிடுங்குகிறோம். அசைந்தால் அகப்பட்டுவிடுவோம் என்பதால்தான் அது அசையாமல் இருக்கிறது. எனவே தொலைவில் இருந்தபடி எடுத்த படத்தோடு திரும்பி வாருங்கள். கோடு வரையும் சிரமம் நம்முடையதாகவே இருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். பழுப்பு அஞ்சல் உறையிலிருந்து ஓர் இலை வடிவத்தை வெட்டி, பழுப்பு அட்டைப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். விளக்கை நேர் மேலே வைத்து ஒரு படம், பக்கவாட்டில் தாழ்வாக வைத்து ஒரு படம் எடுங்கள். இரண்டையும் மூன்று அடுக்குகளாகப் பிரித்து, எந்தப் படத்தில், எந்த அடுக்கில் இலையின் விளிம்பு கூடுதலாகத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உறை, பெட்டி இரண்டின் எண்களையும் நிறம் எடுக்கும் கருவியால் படித்து, அவற்றின் வேறுபாட்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு விளிம்பில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து α எவ்வளவு என்று கணக்கிடுங்கள். அதே விளிம்பில் அடுத்த புள்ளியிலும் கணக்கிட்டு, இரண்டு விடைகளும் எவ்வளவு தள்ளி வருகின்றன என்று பாருங்கள்.